பட்டியலும் அட்டவணையும் குலையாமல்: அலுவலக மின்னஞ்சலைத் தமிழாக்குவது எப்படி

அலுவலக மின்னஞ்சலில் புள்ளிப் பட்டியல், அட்டவணை, எண்ணிட்ட படிகள் ஆகிய மூன்றும் அழகுக்காகப் போடப்படுபவை அல்ல. ஒவ்வொன்றும் வாக்கியத்தில் இல்லாத ஒரு செய்தியைத் தன் வடிவத்தாலேயே சொல்கிறது. புள்ளிப் பட்டியல், ‘இவை அனைத்தும் பொருந்தும், எது முந்தி எது பிந்தி என்பது முக்கியமில்லை’ என்கிறது. எண்ணிட்ட படிகள் ‘இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும்’ என்கின்றன. போதாக்குறைக்கு ஒவ்வொரு படிக்கும் ஓர் எண்ணையும் பெயராகக் கொடுத்துவிடுகின்றன. அட்டவணையில் ஒரு கட்டத்தில் கிடக்கும் ‘9.10’ தனியாக எதையும் சொல்லாது. மேலே உள்ள நெடுவரிசைத் தலைப்பையும் இடப்பக்கம் உள்ள கிடைவரிசைப் பெயரையும் சேர்த்துப் படித்தால்தான் அது இரவு ஷிப்ட் பேருந்து கிளம்பும் நேரம் என்று தெரியும்.

ஆங்கில மின்னஞ்சலைத் தமிழாக்கும்போது இந்த வடிவங்கள் இரண்டு இடங்களில் உடைகின்றன. ஒன்று திரையில்: வெட்டி ஒட்டும்போது புள்ளிகள் மறைகின்றன, எண்கள் இரட்டிக்கின்றன, அட்டவணை சரிந்து ஒரே பத்தியாகிறது. இது பார்த்தவுடன் தெரிந்துவிடும். மற்றொன்று மொழியில்: புள்ளியும் எண்ணும் கட்டமும் அப்படியே இருக்கும், ஆனால் அவற்றுக்குள் வைத்த தமிழ் வாக்கியம் அந்த வடிவத்தோடு ஒட்டாமல் வேறு பொருள் தரும். பார்வைக்கு ஒழுங்காக இருப்பதால் இது எளிதில் கண்ணில் படாது. இரண்டாவதுதான் அதிகத் தொல்லை என்பதால் அதிலிருந்து தொடங்குவது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்ளலாம். ஒரு தொழிற்சாலையின் தலைமை அலுவலகம், ஜூலை 1 முதல் வாசலில் வருகைப் பதிவு கைபேசிச் செயலி வழியாக நடக்கும் என்று ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்புகிறது. அதில் ஊழியர்கள் செய்ய வேண்டிய நான்கு காரியங்கள் புள்ளிப் பட்டியலாக உள்ளன. ஷிப்ட் நேரமும் பேருந்து நேரமும் ஓர் அட்டவணையில் உள்ளன. செயலியில் பதிவு செய்யும் முறை எட்டுப் படிகளாக உள்ளது. பணியாளர் பிரிவில் ஒருவர் இதைத் தமிழாக்கி எல்லாருக்கும் அனுப்ப வேண்டும்.

முதலில் புள்ளிப் பட்டியல். ஆங்கில மூலத்தில் பட்டியலுக்கு மேல் நிற்கும் வரி, ‘ஜூலை 1 முதல் ஊழியர்கள் அனைவரும்’ என்று தொடங்கி ‘மஸ்ட்’ என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது; அதன் பின் முக்காற்புள்ளி. கீழே உள்ள நான்கு புள்ளிகளும் அந்த ‘மஸ்ட்’டில் தொங்குகின்றன. அட்டையைக் கொண்டுவர, எண்ணைப் பதிவு செய்ய, பழைய அட்டையை ஒப்படைக்க என்று மூன்று. நான்காவது, இன்னொருவருக்காக வருகைப் பதிவு செய்யாமல் இருக்க. ஆங்கிலத்தில் துணைவினை முன்னால் வருவதால் மேல்வரியில் ஒரு முறை சொன்னால் போதும், நான்குக்கும் அது பாயும்.

தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். எனவே மேல்வரியை மூலத்தில் உள்ளபடி பாதியில் நிறுத்தினால் ‘வேண்டும்’ என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. அது கீழே தள்ளப்பட்டுக் கடைசிப் புள்ளியில் போய் உட்காரும். அவசரத்தில் செய்த தமிழாக்கங்களில் வழக்கமாகக் காணப்படுவது இப்படி இருக்கும்:

- புதிய அடையாள அட்டையுடன் வர
- கைபேசி எண்ணை ஜூன் 25-க்குள் பதிவு செய்ய
- பழைய அட்டையை 2-ஆம் எண் வாசலில் ஒப்படைக்க
- மற்றொருவருக்காக வருகைப் பதிவு செய்யக் கூடாது

மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் படித்தால் விபரீதம் புரியும். முதல் மூன்று புள்ளிகளும் ‘வர’, ‘செய்ய’, ‘ஒப்படைக்க’ என்ற எச்சங்களாகக் காத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை முடித்துவைக்கக் கடைசியில் கிடைப்பது ‘கூடாது’ ஒன்றுதான். இலக்கணப்படி பார்த்தால் அட்டையுடன் வரவும் கூடாது, எண்ணைப் பதியவும் கூடாது, பழைய அட்டையைத் திருப்பித் தரவும் கூடாது. படிப்பவர் ஊகித்துக்கொள்வார் என்பது உண்மைதான். ஆனால் ஒழுங்கு நடவடிக்கை வரை போகக்கூடிய ஒரு சுற்றறிக்கையை ஊகத்தின் பொறுப்பில் விடுவது சரியல்ல.

இதற்குத் தீர்வு, பட்டியலைக் கலைத்துப் பத்தியாக்குவது அல்ல. மேல்வரியைத் தன்னளவில் முடிந்த வரியாக மாற்றி, ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் சொந்த வினைமுற்றைக் கொடுத்துவிட்டால் போதும். ‘ஜூலை 1 முதல் ஊழியர்கள் அனைவரும் கடைப்பிடிக்க வேண்டியவை:’ என்று மேல்வரி முடிந்துவிடுகிறது. அதன் கீழ்:

- புதிய அடையாள அட்டையுடன் வர வேண்டும்.
- கைபேசி எண்ணை ஜூன் 25-க்குள் பதிவு செய்ய வேண்டும்.
- பழைய அட்டையை 2-ஆம் எண் வாசலில் ஒப்படைக்க வேண்டும்.
- மற்றொருவருக்காக வருகைப் பதிவு செய்யக் கூடாது.

‘வேண்டும்’ மூன்று முறை வருகிறதே என்று சிலருக்கு உறுத்தும். கட்டுரையில் அது குறைதான். பட்டியலில் குறை அல்ல. ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகப் பிடுங்கி எடுத்தாலும் நிற்க வேண்டும். மூன்றாவது புள்ளியை மட்டும் யாராவது வெட்டி வாட்ஸப்பில் போட்டாலும் பொருள் மாறாது. மூலத்தில் நான்கு, தமிழிலும் நான்கு. மூலத்தில் மூன்றாவதாக இருந்தது தமிழிலும் மூன்றாவது. மாறியது உள்ளே இருக்கும் வாக்கியத்தின் கட்டு மட்டுமே.

பட்டியல் முழுவதும் ஒரே வகை முடிவு இருப்பதும் அவசியம். கடமைகளைச் சொன்னால் ‘வேண்டும், கூடாது’. செயல்முறையைச் சொன்னால் ‘செய்யவும், அழுத்தவும்’. பொருள்களை வரிசைப்படுத்தினால் வெறும் பெயர்ச்சொற்கள். ஒரு புள்ளியில் ‘ஒப்படைக்கவும்’, அடுத்ததில் ‘பதிவு செய்தல்’, அதற்கடுத்ததில் ‘கொண்டு வாங்க’ என்று கலந்தால், மூன்று பேர் எழுதிய பட்டியல்போல் தோன்றுவதோடு, எது கட்டாயம் எது வேண்டுகோள் என்ற குழப்பமும் வரும்.

ஆங்கிலப் பட்டியலில் கடைசிக்கு முந்திய புள்ளியின் முடிவில் ‘அண்ட்’ அல்லது ‘ஆர்’ ஒட்டிக்கொண்டிருப்பது வழக்கம். முன்னதைத் தமிழில் விட்டுவிடலாம். புள்ளிகள் முழு வாக்கியங்களாக இருக்கும்போது எல்லாம் பொருந்தும் என்பது தானாகவே விளங்கும். பின்னதை விட்டுவிட முடியாது. முகவரிச் சான்றாக ரேஷன் கார்டு, ஆதார், மின்கட்டண ரசீது என்று மூன்று புள்ளிகள் இருந்து, இடையில் இருந்த ‘ஆர்’ தமிழில் காணாமல் போனால், மூன்றையும் நகலெடுத்துக்கொண்டு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். மூன்றாவது புள்ளிக்கு முன்னால் ‘அல்லது’ போடுவதும் அரைகுறைத் தீர்வே, ஏனென்றால் முதல் புள்ளியைப் படிக்கும்போது அது இன்னும் கண்ணில் பட்டிருக்காது. அந்தச் செய்தியை மேல்வரிக்கே தூக்கிவிட வேண்டும்: ‘கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் ஒன்று போதும்’.

எண்ணிட்ட படிகளில் வரும் இடறல் இதற்கு நேர்மாறானது. பட்டியலில் தமிழ் வாக்கியம் முடியாமல் தொங்கியது. படிகளில் அது முடிய மறுத்து அடுத்த படியோடு ஒட்டிக்கொள்கிறது. காரணம், தமிழில் வினையெச்சம் தரும் வசதி. ‘எழுந்து, குளித்து, சாப்பிட்டு, கிளம்பினான்’ என்று எத்தனை செயலையும் ஒரே வாக்கியத்தில் கோக்கலாம். பேச்சில் இது நயம். படிகளில் இது எண்ணிக்கையைக் கெடுக்கும்.

எடுத்துக்காட்டு மின்னஞ்சலில் 5-ஆவது படி, வந்த OTP எண்ணை உள்ளிடுவது. 6-ஆவது படி, `Verify` பொத்தானைத் தொடுவது. 7-ஆவது படி, முகத்தைப் படம் எடுப்பது. 8-ஆவது படியில், பச்சை டிக் வந்தால் வேலை முடிந்தது, சிவப்புக் குறி வந்தால் 7-ஆவது படியிலிருந்து மீண்டும் செய்ய வேண்டும் என்று உள்ளது. தமிழாக்குபவரின் கை இயல்பாகவே 5-ஐயும் 6-ஐயும் சேர்த்துவிடும்: ‘OTP எண்ணை உள்ளிட்டு `Verify` என்ற பொத்தானைத் தொடவும்.’ நல்ல தமிழ்தான். ஆனால் எட்டுப் படிகள் ஏழாகிவிட்டன. பழைய 8 இப்போது 7. அதில் என்ன எழுதியிருக்கிறது? ‘7. சிவப்புக் குறி வந்தால் படி 7-இலிருந்து மீண்டும் செய்யவும்.’ படி தன்னையே சுட்டுகிறது. சொன்னபடி செய்பவர் அதே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மின்னஞ்சலுக்கு உள்ளே சுட்டும் எண் இல்லாவிட்டாலும் வெளியே இருக்கும். செயலி வேலை செய்யவில்லை என்று உதவி எண்ணுக்குப் பேசும் ஊழியரிடம், மறுமுனையில் ஆங்கில மூலத்தை வைத்திருப்பவர் முதலில் கேட்பது ‘எந்தப் படியில் நிற்கிறது?’ என்பதைத்தான். இவர் ‘ஆறு’ என்பார். அவர் `Verify` பற்றி விளக்கத் தொடங்குவார். இவரோ கேமராவைப் பிடித்துக்கொண்டிருப்பார். எனவே படிகளில் ஒரு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பது நல்லது: இரண்டு படிகளைச் சேர்க்கவும் கூடாது, ஒன்றை இரண்டாக உடைக்கவும் கூடாது. மூலத்தில் பிரிப்பு மோசமாக இருந்தால் எழுதியவரிடம் சொல்லி இரண்டு மொழியிலும் சேர்த்துத் திருத்தலாம். தமிழில் மட்டும் திருத்துவது உதவியாக அமையாது.

ஒரு படிக்குள் சொற்களின் இடத்தை மாற்றலாம்; பல நேரம் மாற்றித்தான் ஆக வேண்டும். ஆங்கிலத்தில் ‘`Submit` தொடவும், அதற்கு முன் பெயர் சரியா என்று பார்க்கவும்’ என்ற வரிசையில் ஒரே படிக்குள் எழுதுவது சாதாரணம். தமிழில் முன்னால் நடப்பதை முன்னால் சொல்வதே வழக்கம்: ‘பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு `Submit` என்ற பொத்தானைத் தொடவும்.’ நிபந்தனையும் எச்சரிக்கையும் இப்படி முன்னுக்கு வருவது மூலத்தைவிடப் பாதுகாப்பானது. படியைப் படித்துக்கொண்டே விரலை வைப்பவர்கள் இருக்கிறார்கள் அல்லவா?

திரையில் உள்ள பொத்தானின் பெயரைப் பற்றியும் ஒரு சொல். செயலி ஆங்கிலத்தில் இருந்தால் பொத்தானின் பெயரை மொழிபெயர்க்கக் கூடாது. ‘சரிபார்’ என்று எழுதினால் அப்படி ஒரு பொத்தானைத் திரையில் தேடுவார்கள். அந்தப் பெயரோடு வேற்றுமை உருபை நேரடியாக ஒட்டுவதும் சிக்கல்தான். மூலத்தில் பெயர் தடித்த எழுத்தில் இருந்தால் ‘ஐ’ தடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி தடித்தும் பாதி மெலிந்தும் கிடக்கும். ‘`Verify` என்ற பொத்தானை’ என்றால் உருபு பொத்தான்மேல் ஏறிக்கொள்ளும், பெயர் திரையில் உள்ளபடியே நிற்கும். தடித்த எழுத்தைப் பொறுத்தவரை அது சொல்லோடு போக வேண்டும், இடத்தோடு அல்ல. ஆங்கிலத்தில் வாக்கியக் கடைசியில் தடித்திருந்த கெடு, தமிழில் ‘ஜூன் 25-க்குள் எண்ணைப் பதிவு செய்யவும்’ என்று முன்னால் வந்துவிடும். கடைசிச் சொல் என்பதற்காகப் ‘பதிவு செய்யவும்’ என்பதைத் தடிக்க வைத்தால் கெடு மெலிந்துவிடும்.

அட்டவணையில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே வாக்கியமே இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றோ இரண்டோ சொற்கள். அந்தச் சொல்லின் பொருளைத் தலைப்புதான் தீர்மானிக்கிறது. ‘ஓப்பன்’ என்பது கடை நேரப் பட்டியலில் ‘திறந்திருக்கும்’. புகார்ப் பட்டியலில் ‘நிலுவையில்’. ‘லீவ்’ என்பது வருகைப் பதிவேட்டில் ‘விடுப்பு’. பேருந்துப் பட்டியலில் ‘புறப்பாடு’. முதல் நெடுவரிசையின் தலைப்பில் ‘நோ’ என்ற இரண்டெழுத்தும் ஒரு புள்ளியும் இருந்தால் அது ‘வ. எண்’, அதே சொல் புள்ளியில்லாமல் கட்டத்துக்குள் இருந்தால் ‘இல்லை’. எனவே அட்டவணையைக் கட்டம் கட்டமாக அல்ல, நெடுவரிசை நெடுவரிசையாக மொழிபெயர்ப்பதே சரி: முதலில் தலைப்பு, பிறகு அதன் கீழ் மேலிருந்து கடைசி வரை. ஒரே சொல் பத்து இடங்களில் வந்தால் பத்திலும் ஒரே தமிழ்ச் சொல்லாக இருப்பதும் இந்த முறையில்தான் உறுதியாகும்.

எடுத்துக்காட்டு மின்னஞ்சலின் ஷிப்ட் அட்டவணை தமிழில் இப்படி அமையும்:

| ஷிப்ட் | வேலை நேரம் | பேருந்து புறப்பாடு | குறிப்பு |
|---|---|---|---|
| A | காலை 6.00 – பிற்பகல் 2.00 | காலை 5.10 | – |
| B | பிற்பகல் 2.00 – இரவு 10.00 | பிற்பகல் 1.10 | – |
| C | இரவு 10.00 – மறுநாள் காலை 6.00 | இரவு 9.10 | பெண் ஊழியர்களுக்குத் தனிப் பேருந்து |
| பொது | காலை 8.30 – மாலை 5.15 | காலை 7.40 | ஞாயிறு பேருந்து இல்லை |

சிறிய அட்டவணைதான். ஆனால் இதில் எடுத்த முடிவுகள் பல. ஷிப்டின் பெயர் A, B, C என்றே விடப்பட்டுள்ளது. அட்டையிலும் பேருந்துக் கண்ணாடியிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். ‘அ, ஆ, இ’ என்று மாற்றினால் புதிதாக மூன்று ஷிப்டுகளைக் கண்டுபிடித்ததுபோல் ஆகும். பெயர் ஓர் எழுத்தாக இல்லாமல் சொல்லாக இருந்த கடைசி ஷிப்ட் மட்டும் ‘பொது’ ஆனது.

நேரம் கொஞ்சம் கவனம் கேட்கிறது. ஆங்கிலத்தில் ஏஎம், பிஎம் என்று இரண்டே பிரிவு; எண்ணுக்குப் பின்னால் வரும். தமிழில் அதிகாலை, காலை, பிற்பகல், மாலை, இரவு, நள்ளிரவு என்று நாள் பல துண்டுகளாகப் பிரியும். அந்தச் சொல் எண்ணுக்கு முன்னால் வரும். 5.10 என்பது ஒருவருக்குக் காலை, இன்னொருவருக்கு அதிகாலை. எதை எழுதினாலும் அட்டவணை முழுதும் ஒன்றாகவே இருக்கட்டும். சிக்கல் பிடித்தது நள்ளிரவு தாண்டிய நேரம்தான். செவ்வாய்க்கிழமை ஏஎம் 12.30 என்றால் கடிகாரப்படி திங்கள் இரவு தூங்கப்போன பிறகு வரும் நேரம். ‘செவ்வாய் இரவு 12.30’ என்று எழுதினால் பெரும்பாலோர் ஒரு நாள் தள்ளி வருவார்கள். ‘திங்கள் நள்ளிரவு தாண்டி 12.30’ என்று விரித்து எழுதுவதற்கு அட்டவணையில் இடமில்லை என்றால், குறிப்பு நெடுவரிசையில் அதைச் சொல்லலாம். C ஷிப்ட் வரிசையில் ‘மறுநாள்’ என்ற சொல் மூலத்தில் இல்லை. இந்தக் காரணத்துக்காகவே சேர்ந்தது.

காலியாக இருந்த கட்டங்களில் சிறு கோடு போடப்பட்டுள்ளது. மூலத்தில் கோடு இருந்தால் தமிழிலும் கோடு. மூலத்தில் ‘என்ஏ’ இருந்தால் ‘பொருந்தாது’. ‘நில்’ இருந்தால் ‘இல்லை’. இந்த மூன்றும் ஒன்றல்ல: அபராதம் என்ற தலைப்பின் கீழ் ‘இல்லை’ என்றால் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை, ‘பொருந்தாது’ என்றால் அந்த விதியே அவருக்குக் கிடையாது, காலியாக விட்டால் இன்னும் கணக்கிடவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

எண்களில் தொகை வந்தால் காற்புள்ளி போடும் இடத்தைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் அட்டவணையில் 150,000 என்று இருப்பது இங்கே 1,50,000. இது நம் வாசகருக்குத் தேவையான மாற்றம். ஆனால் தேதி 05/06 என்று இருந்தால் அது மே 6-ஆ, ஜூன் 5-ஆ என்று அனுப்பியவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கேட்டறிந்த பின் மாதத்தைச் சொல்லாகவே எழுதிவிட்டால் அடுத்தவருக்கு அந்தச் சந்தேகம் வராது.

இனி திரையில் நடக்கும் உடைப்புக்கு வரலாம். மின்னஞ்சலில் தெரியும் புள்ளியும் எண்ணும் பெரும்பாலும் தட்டச்சு செய்தவை அல்ல. பட்டியலின் ஓர் உறுப்பு என்று அடியில் ஒரு குறி இருக்கும். மென்பொருள் அந்தக் குறியைப் பார்த்துத் தானாக எண் போடும். வடிவம் இல்லாத வெற்று எழுத்தாக நகலெடுக்கும்போது சில மென்பொருள்களில் எண்ணும் சேர்ந்து வரும், சிலவற்றில் வராது. சேர்ந்து வந்த எண்ணை ஏற்கெனவே எண்ணிட்ட பட்டியலில் ஒட்டினால் ‘1. 1.’, ‘2. 2.’ என்று இரட்டிக்கும்.

இதைத் தவிர்க்க எளிய வழி, தனியே எங்கோ தமிழில் எழுதி எடுத்துவந்து ஒட்டாமல், மூலத்தின் நகல் மேலேயே எழுதுவது. அவுட்லுக்கில் மின்னஞ்சலை `Forward` கொடுத்தால் உள்ளடக்கம் திருத்தக்கூடியதாகத் திறக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் ஆங்கில வரியின் முடிவில் கர்சரை வைத்துத் தமிழை எழுதிவிட்டு, பிறகு ஆங்கிலத்தை மட்டும் அழிக்க வேண்டும். வரியின் முடிவைத் தாண்டி அழிக்கக் கூடாது என்பது இங்கே முக்கியம். வேர்டிலும், அதைப் பின்பற்றும் அவுட்லுக்கிலும், ஒரு பத்தியின் வடிவம் அந்தப் பத்தியின் முடிவில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பத்திக்குறியில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை அழித்தால் அந்தப் புள்ளி கீழே உள்ளதோடு கலந்துவிடும். வேர்டில் `Ctrl+Shift+8` அழுத்தினால் இந்தக் குறிகள் தெரியும்.

இன்னும் இரண்டு விசைகளைப் பழகிக்கொள்வது நல்லது. ஒரு படிக்குள் இரண்டாவது வரி தேவைப்பட்டால் `Enter` அழுத்தக் கூடாது, புது எண் விழுந்துவிடும். `Shift+Enter` அழுத்தினால் எண் இல்லாமல் வரி மட்டும் இறங்கும். அட்டவணைக்குள் `Tab` அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகும், ஆனால் கடைசிக் கட்டத்தில் அழுத்தினால் காலியாக ஒரு கிடைவரிசை முளைக்கும். அனுப்பிய அட்டவணையின் அடியில் வெற்று வரிசை கிடந்தால் அது எப்படி வந்தது என்று இனி யோசிக்க வேண்டியதில்லை.

படிகளுக்கு இடையில் படமோ அட்டவணையோ வந்தால் எண் மறுபடி 1-இலிருந்து தொடங்குவது இன்னொரு வழக்கமான கோளாறு. எடுத்துக்காட்டு மின்னஞ்சலில் 4-க்கும் 5-க்கும் இடையில் செயலியின் திரைப்படம் ஒன்று இருந்தால், தமிழ்ப் பிரதியில் 5-ஆவது படி மீண்டும் 1 ஆகலாம். வேர்டில் அந்த எண்மேல் வலச்சொடுக்கி `Continue Numbering` தேர்ந்தெடுத்தால் சரியாகும். மின்னஞ்சலின் நிரலையே திருத்துபவர்கள் தொடக்க எண்ணைச் சொல்லிவிடலாம்:

```
<ol start="5">
  <li>OTP எண்ணை உள்ளிடவும்.</li>
  <li>Verify என்ற பொத்தானைத் தொடவும்.</li>
</ol>
```

தமிழுக்கே உரிய ஒரு விபத்து எழுத்துருவால் வருகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இருக்கும்வரை ‘அம்மா’ என்று தெரிவது, அது கழன்றதும் `mk;kh` ஆகிவிடும். அங்கே எழுத்துருவும் வடிவத்தின் ஒரு பகுதி. வடிவத்தைக் கழற்றி ஒட்டும் `Ctrl+Shift+V` அதையும் கழற்றிவிடும். அட்டவணையின் ஒரே ஒரு கட்டம் மட்டும் இப்படிக் கிறுக்கலாகத் தெரிந்தால், அந்தக் கட்டத்தின் வாசகம் பழைய கோப்பு ஒன்றிலிருந்து வந்தது என்று பொருள். யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்வதே தீர்வு.

சில மின்னஞ்சல்களில் அட்டவணை உண்மையான அட்டவணையாக இருக்காது. இடைவெளி விசையைத் தட்டித் தட்டி நெடுவரிசைகளை நேராக்கியிருப்பார்கள். எல்லா எழுத்தும் ஒரே அகலம் கொண்ட ஆங்கில எழுத்துருவில் அது நேராக நிற்கும். தமிழில் ‘ர’ எங்கே, ‘ணை’ எங்கே! எத்தனை இடைவெளி கூட்டிக் குறைத்தாலும் ஒரு கணினியில் நேரானது மறு கணினியில் கோணும். அதை உண்மையான அட்டவணையாகப் போட்டுக்கொண்ட பிறகே தமிழாக்கத்தைத் தொடங்க வேண்டும்.

உண்மையான அட்டவணையிலும் அகலம் ஒரு பிரச்சினைதான். தமிழ்ச் சொற்களில் உருபுகள் ஒட்டிக்கொண்டு நீளும். நடுவில் இடைவெளி இல்லாததால் குறுகிய கட்டத்தில் மடங்க இடமிருக்காது. இதற்கு எழுத்தளவைக் குறைப்பதைவிடத் தலைப்பைச் சுருக்குவது மேல். ‘பேருந்து புறப்படும் நேரம்’ என்பது ‘பேருந்து புறப்பாடு’ ஆனது அதனால்தான். ஆனால் சுருக்கத்துக்கும் எல்லை உண்டு. வேலைக்கு வந்து சேர வேண்டிய நேரத்தை ‘வருகை’ என்று சுருக்கினால், பக்கத்திலேயே பேருந்து நேரம் இருப்பதால் பேருந்தின் வருகை என்று படிப்பார்கள். அங்கே இரண்டு வரித் தலைப்பே தேவலை.

முடித்த பிறகு சரிபார்க்க மொழி அறிவுகூடத் தேவையில்லை. எண்ணத் தெரிந்தால் போதும். மூலத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புள்ளிகள் நான்குக்கு நான்கா, படிகள் எட்டுக்கு எட்டா, அட்டவணையில் தலைப்போடு ஐந்து கிடைவரிசை, நான்கு நெடுவரிசை உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அடுத்து எண்களை மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும்: மூலத்தில் உள்ள ஒவ்வோர் எண்ணும் தமிழில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். ‘படி 7’ போன்ற சுட்டுகளை அது சுட்டும் இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். வாக்கியங்களை அதன் பிறகு படித்தால் போதும்.

எல்லாருக்கும் அனுப்பும் முன் தனக்கே ஒரு முறை அனுப்பிக் கைபேசியில் திறந்து பார்ப்பது நல்லது, ஏனென்றால் ஷிப்டுக்குக் கிளம்பும் ஊழியர் அதில்தான் படிக்கப்போகிறார். நான்கு நெடுவரிசை அட்டவணை கைபேசியின் அகலத்தில் பெரும்பாலும் திணறும். வலப்பக்கம் உள்ள குறிப்பு நெடுவரிசை திரைக்கு வெளியே போய்விடும். அப்படி ஆனால் ஞாயிறு பேருந்து இல்லை என்ற செய்தி மட்டும் யாருக்கும் தெரியாது. அந்த நிலையில் அட்டவணையை விட்டு, ஷிப்டுக்கு ஒரு பத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தலைப்புச் சொற்களைத் திரும்ப எழுதலாம்: ‘C ஷிப்ட். வேலை நேரம்: இரவு 10.00 – மறுநாள் காலை 6.00. பேருந்து புறப்பாடு: இரவு 9.10. குறிப்பு: பெண் ஊழியர்களுக்குத் தனிப் பேருந்து.’ கோடுகள் போய்விட்டாலும் ஒவ்வொரு தகவலும் தன் தலைப்போடு ஒட்டியே நிற்கிறது. A, B, C, பொது என்ற வரிசை மட்டும் மூலத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும்.